சுவருக்கு அந்தப்பக்கம் மோட்டார்: நீளத் தண்டுக்கு நடு பேரிங்கா, குழாயா?

பெங்களூரு பீன்யாவில் நான் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கும் பட்டறையில், எந்திர பாகங்களை உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவும் அறை ஒன்று உண்டு. உள்ளே சூடும் ஈரமும். அதனால் மூன்று பிளஞ்சர் கொண்ட பம்பை உள்ளே தொட்டி ஓரத்திலும், 15 கிலோவாட் மோட்டாரைச் சுவருக்கு வெளியிலும் வைத்திருந்தார்கள். இரண்டையும் இணைத்தது 40 மில்லிமீட்டர் விட்டமும் 2.4 மீட்டர் நீளமும் கொண்ட இரும்புத் தண்டு. இரு முனையிலும் தகட்டுக் கப்ளிங், நடுவில் எந்தத் தாங்கலும் இல்லை. நேரடி ஸ்டார்ட்டரில் அது ஆண்டுக்கணக்கில் ஓடியது. கொஞ்சம் இரைச்சல் உண்டு, ஆனாலும் ஓடியது.

தண்ணீர் அளவைக் கூட்டிக் குறைக்க வசதியாக, மோட்டாரின் வேகத்தை மாற்றும் ஒரு விஎஃப்டி பொருத்தினோம். முதல் நாளே ஆபரேட்டர் அதை 28 ஹெர்ட்ஸில் வைத்தார். தகரக் காப்புக்குள் கல்மழை பெய்வது போல் சத்தம். ஓடிப்போய் நிறுத்திவிட்டுக் காப்பைக் கழற்றினால், உட்புறத்தில் தண்டு உரசிய பளபளப்பான வளையம். தண்டுக்கும் காப்புக்கும் இடையே இருந்த இடைவெளி 20 மில்லிமீட்டர்.

"புதுப் பெட்டியில்தான் கோளாறு சார், பழைய ஸ்டார்ட்டரையே மாட்டிவிடலாம்" என்றார் ஆம்பூர்க்கார ஃபோர்மேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. கோளாறு தண்டில் முதலிலிருந்தே இருந்தது. நேரடி ஸ்டார்ட்டர் அதை ஓரிரு நொடியில் தாண்டிப் போனது. விஎஃப்டி அதன் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

வளைவின் கணக்கு

இரு முனையில் தாங்கப்பட்ட தண்டு தன் எடையாலேயே சிறிது தொய்யும். எங்கள் தண்டு நடுவில் 1.6 மில்லிமீட்டர் தொய்ந்திருந்தது. எந்தத் தண்டும் நூற்றுக்கு நூறு நேராகவும் சமநிலையாகவும் இருப்பதில்லை. சுழலும்போது அந்தச் சிறு பிசகு ஒரு சுற்றுக்கு ஒரு முறை தண்டை வெளியே இழுக்கும். அந்த இழுப்பு வரும் வேகமும் தண்டு வளைந்து அதிரும் இயல் அதிர்வெண்ணும் ஒன்றாகிவிட்டால் வளைவு ஏறிக்கொண்டே போகும். பாடநூல் இதை மாறுநிலை வேகம் என்கிறது. பட்டறையில் கிரிட்டிக்கல் ஸ்பீடு. இரு முனையிலும் எளிதாகத் தாங்கப்பட்ட இரும்புத் தண்டுக்கு இதைக் கைக்கணக்கிலேயே போடலாம்:

```
N = 120700 × √(D² + d²) / L²
```

D வெளிவிட்டம், d உள்விட்டம் (திடத் தண்டுக்குச் சுழி), L தாங்கல்களுக்கு இடையிலான நீளம். எல்லாம் மீட்டரில். விடை நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று வரும். எங்கள் தண்டுக்கு 838 வந்தது. உண்மையில் ஆடியது 28 ஹெர்ட்ஸில், அதாவது 800 சுற்று வாக்கில். கப்ளிங்கின் எடையும் நெகிழ்வும் எப்போதும் கணக்கைவிட ஐந்து பத்து சதவீதம் கீழே இழுக்கும். அதனால்தான் ஓடும் வேகம் கணக்கிட்ட மாறுநிலை வேகத்தில் 75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதை நான் கைவிதியாக வைத்திருக்கிறேன்.

1,460 சுற்றில் ஓடிய பழைய தண்டு தன் மாறுநிலை வேகத்துக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. அது குற்றமல்ல. மாறுநிலையைத் தாண்டி ஓடவே முடியாது என்று 1869இல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ரேங்கின் எழுதினார். சுமார் இருபது ஆண்டுகளில் சுவீடன் பொறியாளர் லவால் தன் நீராவி டர்பைனின் மெல்லிய தண்டை அந்த வேகத்தைத் தாண்டி ஓட்டிக் காட்டிவிட்டார். ஆனால் ஒரே வேகத்தில் ஓடும் எந்திரத்துக்குத்தான் அந்தச் சலுகை. வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் எந்திரத்துக்கு அது பொருந்தாது.

சூத்திரத்தில் நீளம் இரு மடியாகக் கீழே நிற்பதைக் கவனியுங்கள். நீளத்தைப் பாதியாக்கினால் வேகம் நான்கு மடங்கு. நடுவில் ஒரு பேரிங் வைத்தால் 838 என்பது 3,350 ஆகிவிடும். விட்டத்தைக் கூட்டினால் அதே விகிதத்தில்தான் ஏறும். திடத் தண்டைக் குழாயாக மாற்றினால் எடை ஏறாமலே வேகம் ஏறும், ஏனென்றால் நடுவில் கிடக்கும் இரும்பு விறைப்புக்கு உதவாமல் சுமையாக மட்டும் இருக்கிறது.

முதல் வழி: நடு பேரிங்

எல்லோரும் முதலில் கை நீட்டுவது இதற்குத்தான். நாங்களும் அப்படியே செய்தோம். சுவரை ஒட்டி ஒரு ஸ்டாண்டு, அதன்மேல் `UCP208` பேரிங் பிளாக், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. செலவும் சொற்பம். திங்கட்கிழமை 20 முதல் 50 ஹெர்ட்ஸ் வரை ஓட்டிப் பார்த்தோம், தண்டு அசையவே இல்லை. அதிர்வுமானியைப் பேரிங்மேல் வைத்தால் முள் சோம்பல் பட்டது. அன்று மாலை எல்லோருக்கும் தேநீர் என் செலவில்.

ஆறாவது வாரம் பம்ப் பக்கக் கப்ளிங்கின் தகட்டுக் கட்டு கிழிந்தது. கழற்றிப் பார்த்தபோது நான்கு மெல்லிய தகடுகள் போல்ட் துளையருகே வெடித்திருந்தன. கப்ளிங்கின் ஹப்பைத் தண்டிலிருந்து இழுத்தால், கீ உட்காரும் பள்ளமான கீவேயைச் சுற்றி குங்குமம் கொட்டியது போல் செம்பொடி. தண்டையும் ஹப்பையும் பூட்டும் அந்தக் கீயின் இரு பக்கங்களும் அடிபட்டுத் தேய்ந்திருந்தன.

இரு பக்கமும் தேய்ந்திருந்ததுதான் எனக்கு உறைத்தது. மோட்டார் ஒரே திசையில்தான் தள்ளுகிறது. அப்படியிருக்கக் கீயின் மறுபக்கம் எப்படித் தேயும்? முறுக்குவிசை திசை மாறி மாறி அடித்தால்தான் தேயும். தண்டு வளையாமல், பக்கவாட்டில் துளியும் ஆடாமல், உள்ளுக்குள் முன்னும் பின்னும் முறுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. பேரிங்மேல் வைத்த மானி அதைக் காட்டாது. ஈரத் துணியைப் பிழிகிறவரின் தோளைப் பார்த்து மணிக்கட்டின் வேகத்தை அளக்க முயல்வது போலத்தான் அது.

முறுக்கின் கணக்கு

முறுக்கு அதிர்வுக்கு மூன்று பொருள் தெரிந்தால் போதும்: மோட்டார்ப் பக்கச் சுழல் நிலைமம் `J1`, பம்ப் பக்கச் சுழல் நிலைமம் `J2`, இடையில் உள்ள முறுக்கு விறைப்பு `K`. இரண்டு சக்கரங்களும் நடுவில் ஒரு சுருள்வில்லும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

```
f = (1/2π) × √[ K × (J1 + J2) / (J1 × J2) ]
```

எங்கள் மோட்டாரின் சுழற்சி உறுப்பு 0.09 கிலோகிராம் மீட்டர் வர்க்கம். பம்பின் வளைதண்டும் கப்ளிங் பாதியும் சேர்ந்து 0.012. தண்டின் சொந்த நிலைமத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒவ்வொரு முனையிலும் சேர்த்துக்கொண்டேன், இது வழக்கமான தோராயம். 40 மில்லிமீட்டர் தண்டின் முறுக்கு விறைப்பு ரேடியனுக்கு 8,380 நியூட்டன் மீட்டர். கப்ளிங் ஒவ்வொன்றும் பட்டியலின்படி 60,000. மூன்றும் தொடராக இருப்பதால் மொத்தம் 6,550க்கு இறங்கிவிடுகிறது. இதிலிருந்து கிடைக்கும் முறுக்கு அதிர்வெண் 118 ஹெர்ட்ஸ். நடு பேரிங் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைப் பாருங்கள். அது தண்டைத் தாங்குகிறது, முறுக்கைத் தடுப்பதில்லை.

தள்ளுவது யார்? மூன்று பிளஞ்சரும் முறை வைத்துத் தண்ணீரை அழுத்துவதால், பம்ப் கேட்கும் முறுக்குவிசை ஒரு சுற்றுக்கு மூன்று முறையும் ஆறு முறையும் ஏறி இறங்குகிறது. மூன்று மடங்கு எங்கள் வேக எல்லைக்குள் 118ஐத் தொடாது, அதற்கு 2,360 சுற்று வேண்டும். ஆறு மடங்கு தொடும், 1,180 சுற்றில். விஎஃப்டியில் 40 ஹெர்ட்ஸ் வைத்தால் மோட்டார் ஏறத்தாழ 1,160 சுற்று ஓடும். எங்கள் ஆபரேட்டர்களுக்குப் பிடித்த எண் எது என்று ஊகித்திருப்பீர்கள். நாள் முழுக்க 40இல்தான் வைத்திருந்தார்கள்.

அழுத்தத்தை வால்வு ஒரே அளவில் வைத்திருப்பதால் சராசரி முறுக்குவிசை எந்த வேகத்திலும் 100 நியூட்டன் மீட்டர்தான். ஆறு மடங்கு அலை அதில் சுமார் 5.7 சதவீதம், அதாவது ஆறு நியூட்டன் மீட்டர்கூட இல்லை. யாரும் அஞ்சாத தொகை. ஆனால் இரும்புத் தண்டும் தகட்டுக் கப்ளிங்கும் சேர்ந்த அமைப்பில் அதிர்வைத் தணிப்பது மிகக் குறைவு. ஒத்ததிர்வில் இருபது மடங்குக்கு மேல் பெருகுவது சாதாரணம். அப்படிப் பெருகினால் தண்டில் கூட்டியும் குறைத்தும் 120 நியூட்டன் மீட்டர் வரை ஆடும். சராசரி 100 என்றால், ஒவ்வோர் அலையிலும் முறுக்குவிசை சுழிக்குக் கீழே போய்த் திரும்புகிறது. நொடிக்கு நூற்றுப் பதினாறு முறை கீ மறுபக்கச் சுவரில் மோதுகிறது. செம்பொடி வந்த கதை இதுதான். தண்டு உடையவில்லை என்பதிலும் வியப்பில்லை. 100 நியூட்டன் மீட்டருக்கு அதில் எழும் தகைவு 8 மெகாபாஸ்கல்தான், இரும்பு அதைத் தூக்கத்தில் தாங்கும். முதலில் உடைவது பெரும்பாலும் கீயும் தகடும் போல்ட்டும்தான்.

கணக்கைச் சரிபார்க்க ஓர் அதிர்வு ஆய்வாளரை அழைத்தோம். தண்டின் இரு முனையிலும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நாடாவைச் சுற்றி ஒட்டி, இரண்டு ஒளி உணரிகளால் கோடுகளை எண்ணினார். ஒரு முனையின் கோடுகள் மறுமுனைக்கு முன்னும் பின்னும் நகர்வதே முறுக்கு. 40 ஹெர்ட்ஸில் 116 ஹெர்ட்ஸ் அலை பனைமரம் போல் நின்றது. 34இலும் 46இலும் புல் உயரத்துக்குப் படுத்துவிட்டது.

இந்த வழியோடு தொடர வேண்டும் என்றால் விஎஃப்டியில் 36 முதல் 44 ஹெர்ட்ஸ் வரை தாண்டிப் போகும்படி அமைத்துவிடலாம். பெரும்பாலான விஎஃப்டிகளில் அந்த வசதி இருக்கிறது, செலவே இல்லை. வேலை அந்தப் பட்டைக்கு வெளியே நடக்கும் என்றால் நான் இதையே பரிந்துரைப்பேன். எங்களுக்கோ வேலையே அந்தப் பட்டையில்தான்.

"தண்டை 50 மில்லிமீட்டராக்கினால்?" என்று கேட்டார் ஃபோர்மேன். நல்ல கேள்வி. போட்டுப் பார்த்தேன். முறுக்கு அதிர்வெண் 151 ஹெர்ட்ஸ் ஆகிறது. ஆறால் வகுத்தால் ஏறத்தாழ 1,507 சுற்று. 50 ஹெர்ட்ஸில் மோட்டார் ஓடுவது 1,460. மூன்றே சதவீத இடைவெளி. 40 ஹெர்ட்ஸ் நோயை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றிக் கொடுத்ததாக முடிந்திருக்கும்.

இரண்டாம் வழி: நடுவில் தாங்கல் இல்லாத குழாய்

88.9 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 4 மில்லிமீட்டர் சுவரும் கொண்ட தையலற்ற குழாயை எடுத்துக்கொண்டேன். எடை 20 கிலோ, பழைய திடத் தண்டைவிட மூன்றரைக் கிலோ குறைவு. வளைவு மாறுநிலை வேகம் கணக்கில் 2,519. அனுபவத்தில் கண்ட ஐந்து சதவீதத்தைக் கழித்தால் 2,400. நடு பேரிங்கே வேண்டாம். ஸ்டாண்டு, கிரீஸ், மூன்றாவது புள்ளியின் நேர்ப்படுத்தல் எல்லாம் ஒழிந்தன.

முறுக்கில்தான் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. குழாயின் விறைப்பு பழைய தண்டைப் போல் ஏழரை மடங்கு. அதிர்வெண் தாறுமாறாக ஏறும் என்று எதிர்பார்த்தேன். வந்தது 163 ஹெர்ட்ஸ். காரணம் இரண்டு. குழாய் எவ்வளவு விறைத்தாலும் தொடரில் 60,000 மதிப்புள்ள இரண்டு கப்ளிங்குகள் இருக்கின்றன, சங்கிலியின் நெகிழ்வு இப்போது அங்கே போய்விட்டது. அடுத்தது, அகன்ற குழாயின் இரும்பு மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் அதன் சொந்தச் சுழல் நிலைமம் பம்பைப் போல் மூன்று மடங்கு. ஐயம் தீர 76.1 மில்லிமீட்டர் குழாய்க்கும் அதே கணக்கைப் போட்டேன். அதற்கும் 163தான். விறைப்பில் சேர்த்ததை நிலைமம் விழுங்கிவிடுகிறது. குழாயைப் பருமனாக்குவதற்குச் செலவழிக்கும் பணம் வளைவுக்கு உதவும், முறுக்குக்கு ஒரு பைசாகூடப் போய்ச் சேராது.

பணம் போக வேண்டிய இடம் கப்ளிங். ஓர் அளவு பெரிய தகட்டுக் கப்ளிங்கின் விறைப்பு ஒவ்வொன்றும் 1,00,000. அதன் ஹப் கனமானது, பம்ப் பக்கம் 0.003 கூடுகிறது. அதையும் சேர்த்து 182 ஹெர்ட்ஸ், அதாவது ஆறு மடங்கு அலை மோதும் இடம் 1,820 சுற்று. 1,460இலிருந்து கால் பங்கு தொலைவு. கப்ளிங் பட்டியலில் உள்ள விறைப்பு எண்கள் பத்து சதவீதம் முன்பின்னாக இருந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு நிபந்தனை: 50 ஹெர்ட்ஸுக்கு மேல் போகக் கூடாது. உற்பத்திப் பிரிவுக்கு 60 ஹெர்ட்ஸ் மீது ஓர் ஆசை இருந்தது. அழுத்தம் மாறாமல் 60இல் ஓட்டினால் 15 கிலோவாட் மோட்டாரிடம் 18 கிலோவாட் கேட்கிறோம் என்று காட்டியதும் ஆசை அடங்கியது.

மூன்றாம் வழி: ரப்பர் கப்ளிங்

ஏற்றுவதற்குப் பதில் இறக்கிவிடலாமே என்பது இதன் வாதம். முறுக்கு அதிர்வெண்ணை 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே தள்ளிவிட்டால், மிகக் குறைந்த ஓட்டத்திலும் மூன்று மடங்கு அலை 28 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதால் எதுவும் எதோடும் மோதாது. டீசல் எஞ்சின் ஓட்டும் பம்புகளில் இதுதான் நடைமுறை, அங்கே சரியும்கூட.

எங்கள் பம்பின் நிலைமம் மிகச் சிறியது. அதை 20 ஹெர்ட்ஸுக்கு இறக்க ரேடியனுக்கு 170 நியூட்டன் மீட்டர் விறைப்புள்ள ரப்பர் வேண்டும். அது வேலைச் சுமையிலேயே முப்பது பாகைக்கு மேல் முறுக்கிக்கொள்ளும், அப்படி ஒரு கப்ளிங்கை யாரும் ஓட்ட மாட்டார்கள். பதினொன்றரைக் கிலோ எடையில் ஒரு ஃப்ளைவீல் சேர்த்தால் 900 வரை விறைப்பு போதும், ஆறு பாகை முறுக்குதான். ஆனால் அந்த எடை பம்பின் தண்டு முனையில் தொங்கும், பம்ப் பேரிங் அதற்குச் செய்யப்பட்டதல்ல.

இதைவிடப் பெரிய சிக்கல், ரப்பர் குழாயின் முனையை நடுவில் பிடித்து வைக்காது. தகட்டுக் கப்ளிங் ஆரவாக்கில் விறைப்பானது, அதனால்தான் அதை ஒரு தாங்கலாக எண்ணிக் கணக்குப் போட முடிந்தது. டயர் வடிவ ரப்பரில் 20 கிலோ குழாயை மாட்டினால் முனையே ஆடும். மேலே கணக்கிட்ட 2,400 சுற்று எங்கோ கீழே போய்விடும், முறுக்கைத் தீர்க்கப் போய் வளைவைத் திரும்ப அழைத்ததாகும். அதைத் தடுக்க முனைக்கு ஒரு பேரிங், அதற்கு ஒரு ஸ்டாண்டு. நீராவி அறையில் ரப்பர் எத்தனை நாள் என்பது தனிக் கேள்வி. இந்த வழியை நான் கைவிட்டேன்.

நான்காவதாக, தண்டே வேண்டாம் என்ற வழியும் உண்டு. பம்பை வெளியே மோட்டாரை ஒட்டி வைத்து, சுவரைத் துளைத்து அழுத்தக் குழாயை உள்ளே கொண்டுபோகலாம். புதிதாகக் கட்டுகிறவர்கள் இதையே செய்ய வேண்டும், இரண்டாவது யோசனையே வேண்டாம். எங்கள் பம்புக்குத் தண்ணீர் தானாக இறங்கி வர வேண்டும். தொட்டியோ உள்ளே பள்ளத்தில். வெளியே எடுத்தால் ஊட்டப் பம்ப் ஒன்று, தொட்டி மாற்றம், பத்து நாள் நிறுத்தம். நிர்வாகம் பத்து நாள் என்ற சொல்லோடு நின்றுவிட்டது.

நாங்கள் செய்தது

88.9 குழாய், பெரிய தகட்டுக் கப்ளிங், உச்ச வரம்பு 50 ஹெர்ட்ஸ். கீவேயை விட்டுவிட்டு மோட்டார் முனையிலும் பம்ப் முனையிலும் கூம்பு வளையப் பூட்டு போட்டோம், மோதுவதற்குக் கீயே இல்லை. குழாயைச் சமநிலை பார்த்தபோது ஜி 6.3 தரம் கேட்டோம். 1,460 சுற்றுக்கு அது ஒவ்வொரு முனையிலும் குழாயின் புறப்பரப்பில் ஏறத்தாழ ஒன்பது கிராம் மிச்சம் விட அனுமதிக்கிறது, ஒரு சிறிய நட்டின் எடை. முனை விளிம்புகளைப் பற்றவைத்த பிறகு கடைந்தோமே தவிர முன்பு கடையவில்லை. பற்றவைப்புச் சூட்டில் குழாய் வாழைப்பழம் போல் வளைவதைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் புரியும்.

ஓட்டும் முன் குழாயின் நடுவில் அதிர்வு உணரியை ஒட்டி, ரப்பர்ச் சுத்தியலால் தட்டினோம். 39 ஹெர்ட்ஸ், அதாவது 2,340 சுற்று. முறுக்கைக் காண அழுத்தத்தைக் குறைத்து ஒரே ஒரு முறை 60 ஹெர்ட்ஸ் வரை ஏற்றினோம். நாடா 177 ஹெர்ட்ஸில் உச்சம் காட்டியது. கணக்கு 182. பிறகு விஎஃப்டியின் உச்ச வரம்பை 50இல் வைத்துக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினோம்.

காப்பின் அடியில் ஒரு வெள்ளைத் தாள் வைக்கும் வழக்கத்தை ஃபோர்மேன் தொடங்கினார். பொடி விழுந்தால் தெரியும் என்பதற்காக. போன மாதம் தாளை எடுத்தபோது அதில் தூசியும் ஒரு செத்த கரப்பானும்தான் இருந்தன. பம்ப் பக்கக் கப்ளிங்கில் ஒரு போல்ட்டில், தளர்ந்தால் தெரிவதற்காகப் போட்டிருந்த வெள்ளைக் கோடு மட்டும் அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. இறுக்கிவிட்டுக் கோட்டை மறுபடி போட்டோம்.